பெரிய அறைக்குள் சின்னப் பொருள்: சுவரின் உமிழ்திறன் ஏன் கணக்கில் வருவதில்லை?

சுவரும்தானே வெப்பக் கதிரை உமிழ்கிறது? பிறகு ஏன் அறைக்குள் இருக்கும் சின்னப் பொருளின் கதிர்வீச்சு இழப்பைச் சொல்லும் சூத்திரத்தில் பொருளின் உமிழ்திறன் மட்டும் இருக்கிறது?

சுவர் குறைவாக உமிழ்ந்தால், அந்தக் குறையை அதே சுவரின் எதிரொளிப்பு நிரப்பிவிடுகிறது. அதனால் உள்ளே இருக்கும் சின்னப் பொருளின் மேல் வந்து விழும் கதிர், சுவர் எதனால் ஆனதாக இருந்தாலும் ஒரே அளவுதான்.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 5, உயரம் 3. சுவர், தரை, கூரை எல்லாம் 27 டிகிரி. குறுக்கே 5 மீட்டர் நீளத்துக்குக் காப்பு சுற்றாத ஒரு நீராவிக் குழாய் போகிறது; வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர், மேற்பரப்பு 150 டிகிரி. கீழே வரும் கணக்கெல்லாம் பெரும்பாலும் இந்தக் குழாயை வைத்துத்தான்.

குழாயின் மேல் நின்று சுவரைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுவரின் ஓர் இடத்திலிருந்து உங்களை நோக்கி வருவது இரண்டு பங்கு. ஒன்று, அந்த இடம் தானாக உமிழ்வது. இன்னொன்று, எதிர்ச்சுவரிலிருந்து வந்து அங்கே பட்டுத் தெறிப்பது. எதிர்ச்சுவரும் அதே 27 டிகிரியில்தான் இருக்கிறது. சுவரின் உமிழ்திறன் 0.9 என்றால் முதல் பங்கு 90 விழுக்காடு, இரண்டாவது 10. உமிழ்திறன் 0.3 என்றால் 30-உம் 70-உம். கூட்டினால் எப்போதும் 27 டிகிரிக் கரும்பொருள் விடுகிற முழு அளவு. கிர்க்காஃப் 1859-60-இல் சொன்னது இதைத்தான்: சீரான வெப்பநிலையில் இருக்கும் ஒரு மூடிய வெளிக்குள் நிறைந்திருக்கும் கதிர், சுவரின் பொருளைப் பொறுத்ததல்ல.

ஆகவே பொருளுக்கு வருவது நிலையான அளவு. அதில் எவ்வளவை வாங்கிக்கொள்கிறது, தன் பங்குக்கு எவ்வளவை விடுகிறது என்பது மட்டும் அந்தப் பொருளின் கையில். சாம்பல் பொருளுக்கு இந்த இரண்டையும் ஒரே எண் தீர்மானிக்கிறது. அதனால்தான் சூத்திரத்தில் ஓர் உமிழ்திறனோடு வேலை முடிகிறது:

```
Q = ε1 · A1 · σ · (T1⁴ − T2⁴)
```

இங்கே `ε1`, `A1`, `T1` குழாயுடையவை. `T2` சுவரின் வெப்பநிலை. `σ` ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் மாறிலி. இரண்டு வெப்பநிலையும் கெல்வினில்தான் இருக்க வேண்டும்.

"எதிரொளிப்பு நிரப்பிவிடும்" என்பது சும்மா சொல்வது போல இருக்கிறதே. எண்ணில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். சுவரின் உமிழ்திறன் 0.3 என்று வைப்போம். குழாயை நோக்கி வரும் ஒரு கதிரைப் பின்னோக்கித் துரத்துவோம்: இது எங்கே பிறந்தது?

கடைசியாகப் புறப்பட்ட சுவரிலேயே பிறந்திருக்கலாம். அதன் பங்கு 0.3. இல்லாவிட்டால் அதற்கு முந்தைய சுவரில் பிறந்து ஒரு முறை தெறித்து வந்திருக்கும்: 0.7 × 0.3 = 0.21. அதற்கும் முந்தையதில் பிறந்து இரண்டு முறை தெறித்திருந்தால் 0.147. அடுத்தது 0.103. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 0.3, 0.51, 0.657, 0.76 என்று ஏறி, பத்தாவது உறுப்பில் 0.97-ஐத் தொட்டு, 1-ஐ நோக்கிப் போகும். சுவர் 0.9 என்றால் இரண்டே உறுப்பில் 0.99 வந்துவிடும். பளபளப்பான சுவருக்கு நிறையத் தெறிப்பு தேவை, அவ்வளவுதான் வித்தியாசம். போய்ச் சேரும் இடம் ஒன்றே.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பின்னோக்கித் துரத்தும்போது ஒவ்வொரு முறையும் நாம் போய் முட்டுவது சுவராக இருக்க வேண்டும், குழாயாக இருக்கக் கூடாது. குழாயில் போய் முட்டினால் அந்தக் கதிர் 27 டிகிரியில் பிறந்ததல்ல, 150 டிகிரியில் பிறந்தது. அறை "பெரியது" என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

குழாய் விட்ட கதிர் சுவரில் பட்டுக் குழாய்க்கே திரும்பி வராதா?

வரும். எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி. அதைச் சரியாக எண்ணினால் தோராயம் எங்கே உடையும் என்பதும் தெரிந்துவிடும்.

குழாயின் பரப்பு: π × 0.06 × 5 = 0.942 சதுர மீட்டர். அறையின் உட்பரப்பு: 2 × (30 + 18 + 15) = 126 சதுர மீட்டர். விகிதம் 0.0075. சுவரின் ஏதோ ஓர் இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் சிதறும் கதிர்களில் குழாயில் போய்ப் படுவது சராசரியாக ஆயிரத்தில் ஏழரை.

அடுத்து, சுவர் விழுங்குவதற்கு முன் கதிர் எத்தனை முறை தெறிக்கும்? உமிழ்திறன் `ε2` என்றால் சராசரியாக `1/ε2 − 1` முறை. சாதாரணச் சுண்ணாம்புச் சுவரோ பெயின்ட் அடித்த சுவரோ 0.9-ஐ ஒட்டியது, அதற்கு 0.11 முறை. அதாவது பத்துக் கதிரில் ஒன்றுதான் ஒரு தடவையாவது தெறிக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 0.0075 × 0.11 = 0.0008. குழாயை விட்டுப் போன பத்தாயிரம் கதிரில் எட்டுதான் திரும்பிக் கதவைத் தட்டுகின்றன.

பாடநூல்களில் வரும் முழுச் சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பது இந்த எண்தான்:

```
Q = A1 · σ · (T1⁴ − T2⁴) / [ 1/ε1 + (A1/A2)·(1/ε2 − 1) ]
```

பலரும் இதை மின்தடை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள், தவறில்லை. ஆனால் இரண்டாவது உறுப்பைத் "திரும்பி வரும் தடவைகளின் சராசரி" என்று படிக்கக் கற்றுக்கொண்டால் சூத்திரத்தைப் பார்க்காமலே அதன் அளவை ஊகிக்க முடியும். நம் குழாய்க்கு முதல் உறுப்பு 1.25, இரண்டாவது 0.0008. விட்டுவிடுவதால் வரும் பிழை 0.07 விழுக்காடு.

அந்தக் குழாய்க்கு முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுங்களேன்.

துருவும் ஆக்சைடும் படிந்த எஃகு, `ε1` = 0.8. வெப்பநிலைகள் 423 கெல்வின், 300 கெல்வின்.

```
T1⁴ = 423⁴ = 3.202 × 10¹⁰
T2⁴ = 300⁴ = 0.810 × 10¹⁰
σ (T1⁴ − T2⁴) = 5.67×10⁻⁸ × 2.392×10¹⁰ = 1356 W/m²
ε1 × 1356 = 1085 W/m²
ஒரு மீட்டர் குழாய் (0.1885 m²) : 204 W
```

5 மீட்டருக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கிலோவாட். இது கதிர்வீச்சு மட்டும். காற்று எடுத்துக்கொண்டு போவது தனி. கிடைமட்டக் குழாய்க்கு, அசையாத காற்றில், `h ≈ 1.32 (ΔT/D)^0.25` என்ற எளிய வாய்பாட்டைப் போட்டால் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 8.9 வாட் வரும். ΔT 123 டிகிரி என்பதால் ஒரு மீட்டர் குழாய்க்கு இன்னொரு 206 வாட். இரண்டும் கிட்டத்தட்ட சமம். "150 டிகிரிதானே, கதிர்வீச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்று விடுகிறவர்கள் பாதி இழப்பைக் கோட்டைவிடுகிறார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: 150-ஐயும் 27-ஐயும் செல்சியஸிலேயே நான்கின் அடுக்குக்கு உயர்த்துவது. அப்படிச் செய்தால் 1356-க்குப் பதில் வெறும் 29 வாட் வரும். 27 டிகிரியில் உள்ள கரும்பரப்பு ஒன்றே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 460 வாட் உமிழ்கிறது என்பதை நினைவில் வைத்திருந்தால், விடை சந்தேகத்துக்குரியது என்று உடனே பிடிபடும்.

பட்டறைச் சுவருக்கெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டினால் வெப்ப இழப்பு குறையுமா?

குறையும். ஆனால் இதைவிட வீணான செலவு கிடையாது.

தாளின் உமிழ்திறன் 0.05. ஒரு கதிர் விழுங்கப்படுவதற்கு முன் சராசரியாக 19 முறை தெறிக்கும். 19 × 0.0075 = 0.14. கீழ்ப்பகுதி 1.25-லிருந்து 1.39 ஆகிறது, மீட்டருக்கு 204 வாட் என்பது 184 ஆகிறது. 126 சதுர மீட்டர் முழுக்கத் தாள் ஒட்டி, ஒரு தூசியும் படியாமல் காத்து, மிச்சம் பிடித்தது மீட்டருக்கு 20 வாட்.

அதே தாளில் ஒரு சதுர மீட்டர்கூட ஆகாது, குழாயின் மேல் சுற்றுங்கள். சுற்றிய தாள் சுருக்கமும் அழுக்குமாக இருக்கும் என்பதால் 0.1 என்றே வைப்போம். கதிர்வீச்சு 204-லிருந்து 26 வாட்டுக்கு இறங்கிவிடும். நீராவி உள்ளே குளிர்ந்து நீராகிக்கொண்டே இருப்பதால் மேற்பரப்பு ஏறத்தாழ 150-லேயே நிற்கும், ஆகவே காற்று கொண்டுபோகும் 206 வாட்டில் மாற்றமில்லை. மொத்த இழப்பு 410-லிருந்து 232. சுவரின் உமிழ்திறன் முக்கியமில்லை, பொருளுடையதுதான் முக்கியம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

தாள் மட்டும் போதும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. மீதமுள்ள 206 வாட்டைக் குறைக்கக் கண்ணாடி இழை போன்ற வெப்பக்காப்பு வேண்டும். தாளை அதன் மேல் உறையாகப் போடுவதுதான் முறை.

இரண்டு பரப்பு இருக்கிறதே, இரண்டு உமிழ்திறனையும் பெருக்கிப் போட்டால் என்ன?

0.8 × 0.9 = 0.72 என்று போட்டால் விடை 10 விழுக்காடு குறைந்துவிடும். பெருக்கலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம், "குழாய் 80 பங்கு விடுகிறது, சுவர் அதில் 90 விழுக்காட்டை எடுக்கிறது, மீதி போனது போனதுதான்" என்பது. அந்த மீதி எங்கும் போய்விடவில்லை. அடுத்த சுவரில் பட்டு அங்கே விழுங்கப்படுகிறது. குழாய்க்குத் திரும்பாத வரைக்கும் அது குழாயின் இழப்புதான்.

இதைவிட மோசமான தவறு, இணைத் தட்டுகளுக்கான சூத்திரத்தை அறைக்குப் போடுவது:

```
1 / (1/ε1 + 1/ε2 − 1)
```

தாள் ஒட்டிய அறைக்கு இதில் 0.8, 0.05 என்று போட்டால் 0.049 வரும், மீட்டருக்கு 13 வாட்டுக்கும் கீழே. உண்மை 184. பதினான்கு மடங்குக்கு மேல் பிழை! இந்தச் சூத்திரம் தவறானதல்ல, இடம்தான் தவறு. முழுச் சூத்திரத்தில் `A1/A2` = 1 என்று போட்டால் இதுவே வரும். எதிரெதிரே நெருங்கி நிற்கும் இரண்டு தட்டில், ஒன்று தெறித்த கதிர் மற்றதன் மேல் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே இரண்டு உமிழ்திறனும் சம உரிமையோடு வரும்.

ஃபிளாஸ்க்கை நினைத்துப் பாருங்கள். ஜேம்ஸ் டூவர் 1892-இல் செய்த வெற்றிடக் குடுவையின் வழி வந்தது. உள்சுவரும் வெளிச்சுவரும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் பரப்பு விகிதம் 1-ஐ ஒட்டியது. ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளிப் பூச்சு (0.02), மற்றது வெறும் கண்ணாடி (0.9) என்றால் கிடைக்கும் எண் 0.020. இரண்டுக்கும் பூசினால் 0.010. வெளிச்சுவரைப் பூசியதால் இழப்பு பாதியாகிறது. அதே உள்குடுவையைத் தனியே எடுத்து ஓர் அறையின் நடுவே வைத்தால், அறைச் சுவருக்கு வெள்ளி பூசுவதா சுண்ணாம்பு பூசுவதா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

எவ்வளவு சின்னதாக இருந்தால் "சிறிய பொருள்" என்று சொல்லலாம்? பத்தில் ஒன்று போதுமா?

பொதுவாக ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியாது. சுவரையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சுருக்கச் சூத்திரத்தால் வரும் பிழை ஏறத்தாழ `ε1 · (A1/A2) · (1/ε2 − 1)`. `ε1` = 0.8, பிழை 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால்:

பெயின்ட் அடித்த சுவர் (0.9): பொருளின் பரப்பு அறைப்பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குவரை போகலாம்.
சுமாராக எதிரொளிக்கும் சுவர் (0.5): எண்பதில் ஒரு பங்கு.
அலுமினியத் தாள் (0.05): ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு.

வீடு, பட்டறை, அலுவலகம் போன்ற இடங்களில் சுவர் பெரும்பாலும் 0.85-க்கு மேல். அங்கே நிபந்தனை மிகவும் தளர்வானது. ஒரு பெரிய அலமாரிகூடச் "சிறிய பொருள்"தான். ஏமாறும் இடம் உலோக அறைகள். அரை மீட்டர்ப் பக்கமுள்ள, உள்ளே மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகு வெற்றிட அறையை எடுத்துக்கொள்ளுங்கள்: பரப்பு 1.5 சதுர மீட்டர், உமிழ்திறன் 0.15 எனக் கொள்வோம். அதற்குள் 10 சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள ஒரு கருநிறக் கனசதுரம், 0.06 சதுர மீட்டர். விகிதம் 0.04, பார்வைக்குச் சின்னப் பொருள்தான். ஆனால் 0.04 × 5.67 = 0.23. 0.8 என்று நம்பியது நடைமுறையில் 0.68 ஆகிவிடும், 15 விழுக்காடு சரிவு. வெற்றிடம் என்பதால் சரிவை மறைக்கக் காற்றும் கிடையாது. விண்கலங்களைச் சோதிக்கும் வெப்ப-வெற்றிட அறைகளில், குளிர்விக்கப்பட்ட உட்சுவர்த் தகடுகளுக்குக் கறுப்புப் பூச்சு பூசுவது இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான்.

"பெரிய" என்ற சொல் இன்னொரு வேலையும் செய்கிறது. பொருள் கொடுக்கும் வெப்பத்தால் சுவரின் வெப்பநிலை மாறிவிடக் கூடாது. நம் பட்டறையில் 1 கிலோவாட் 126 சதுர மீட்டரில் பரவுகிறது, சதுர மீட்டருக்கு 8 வாட். சுவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் குழாய் ஒரு சுவரை ஒட்டி 5 சென்டிமீட்டரில் ஓடினால் அந்தச் சுவர்ப்பட்டை மட்டும் சூடேறும். அங்கே 27 டிகிரி என்பது பொய்யாகிவிடும். பரப்பு விகிதம் என்னவோ அதே 0.0075தான். ஆகவே விகிதத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். குழாய்க்குப் பின்னால் இருக்கும் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

T2-க்குக் காற்றின் வெப்பநிலையைப் போடலாமா?

கூடாது. சூத்திரத்தில் காற்றுக்கு இடமே இல்லை. பட்டறைக் காற்று இந்தக் கதிர்களுக்குப் பெரும்பாலும் ஒளிபுகும் கண்ணாடி போல. காற்று வெப்பநிலை, மேலே சொன்ன 206 வாட் கணக்கில் மட்டும்தான் வரும். மூடிய அறையில் இரண்டும் ஒன்றாக இருக்கும்போது பழக்கத்தில் கலந்துவிடுகிறது.

தகரக் கூரையில் இது நன்றாகத் தெரியும். மதிய வெயிலில் கூரையின் உட்புறம் 60 டிகிரி, மற்றச் சுவர்கள் 27 என்போம். குழாயின் பார்வையில் கூரை 30 விழுக்காட்டை அடைத்திருக்கிறது என்றால், நான்காம் அடுக்கில் சராசரி எடுக்க வேண்டும்:

```
T2⁴ = 0.3 × 333⁴ + 0.7 × 300⁴ = 0.936 × 10¹⁰   →   T2 = 311 K
```

27-க்குப் பதில் 38 டிகிரி. குழாயின் கதிர்வீச்சு 5 விழுக்காடு குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் குழாய்க்குப் பதில் 34 டிகிரித் தோலுள்ள ஒரு மனிதர் அங்கே நின்றால் கணக்கின் திசையே திரும்பிவிடும்: வெப்பத்தை விட வேண்டிய உடம்பு வாங்கிக்கொள்ளத் தொடங்கும். மின்விசிறி ஓடியும் தகரக் கூரைக்கடியில் புழுங்குவதற்கு இது ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை. தகரம் புதிதாகப் பளபளவென்று இருந்தால் அதன் உமிழ்திறன் குறைவு. கூரையிலிருந்து வருவதில் பெரும்பகுதி 27 டிகிரிச் சுவர்களின் எதிரொளிப்பாக இருக்கும். அப்போது மேலே போட்ட சராசரி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். "சுவரின் உமிழ்திறன் பொருட்டில்லை" என்பது எல்லாப் பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் அறைக்கு மட்டுமே சொன்னது. வெப்பநிலை வேறுபட்டால் சுவரின் உமிழ்திறன் மறுபடியும் உள்ளே வந்துவிடும்.

"சாம்பல் பொருள்" என்றால் சாம்பல் நிறமா? வெள்ளைக் குழாய்க்கு இது பொருந்துமா?

நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. எல்லா அலைநீளத்திலும் உமிழ்திறன் ஒரே மாதிரி இருந்தால் அது சாம்பல் பொருள். அப்படி இருந்தால், குழாய் தன் வெப்பநிலைக்கேற்ற அலைநீளங்களில் உமிழும் திறனும், சுவரிலிருந்து வரும் வேறு அலைநீளங்களை உட்கவரும் திறனும் ஒரே எண்ணாகிவிடும். `ε1`-ஐ அடைப்புக்குறிக்கு வெளியே பொதுவாக எடுக்க முடிவது இதனால்தான். இல்லாவிட்டால் இப்படி எழுத வேண்டும்:

```
Q = A1 · σ · (ε1·T1⁴ − α1·T2⁴)
```

150 டிகிரிக் குழாயின் கதிர் உச்சம் 6.9 மைக்ரோமீட்டரில், 27 டிகிரிச் சுவருடையது 9.7-இல். இந்த வட்டாரத்தில் வெள்ளை பெயின்ட்டும் கறுப்பு பெயின்ட்டும் ஏறத்தாழ 0.9. அறைக்குள் இருக்கும் வரை குழாய்க்கு என்ன நிறம் அடித்தாலும் இழப்பு ஒன்றே. (அலுமினியப் பொடி கலந்த வெள்ளி நிற பெயின்ட் மட்டும் விதிவிலக்கு, அது உலோகம்.) அதே குழாய் வெயிலுக்குப் போனால் கதை வேறு. சூரிய ஒளியின் உச்சம் 0.5 மைக்ரோமீட்டரில்; அங்கே வெள்ளை 0.2-0.3 அளவுதான் உட்கவரும், கறுப்பு 0.95. வெயிலுக்கென்று தனி உறுப்பு சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

பொருள் சாம்பலாக இல்லாவிட்டாலும் சில சமயம் தப்பிக்கலாம். 1000 டிகிரியில் தகிக்கும் கம்பி 27 டிகிரி அறையில் இருந்தால் `T2⁴` என்பது `T1⁴`-இல் 0.3 விழுக்காடு, `α1` என்னவாக இருந்தால் என்ன. பொருளும் சுவரும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் கவலையில்லை, அலைநீளங்களும் ஒன்றாகிவிடும். உண்மையில் மாட்டிக்கொள்வது எதிர்நிலையில்: 1000 டிகிரி உலைக்குள் குளிர்ந்த பொருளை வைக்கும்போது. அங்கே வெப்பம் ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பது, 2.3 மைக்ரோமீட்டரை ஒட்டி வரும் உலைக்கதிரை அந்தப் பொருள் எவ்வளவு உட்கவரும் என்பதே. வெள்ளை அலுமினா போன்ற பீங்கான்கள் அந்தப் பகுதியில் மோசமாக உட்கவரும். அறை வெப்பநிலையில் அளந்த உயர்ந்த உமிழ்திறனைப் போட்டுக் கணக்கிட்டால், துண்டு சூடாக எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் எடுக்கும்.

குழாயில் துடுப்புகள் இருந்தால் மொத்தப் பரப்பையும் போடலாமா?

வேண்டாம். துடுப்புக்கும் துடுப்புக்கும் நடுவே பரப்பு தன்னையே பார்த்துக்கொள்கிறது. ஒரு நூலை இழுத்துச் சுற்றினால் கிடைக்கும் வெளிப்பரப்பை `A1` ஆக எடுத்து, உமிழ்திறனை மட்டும் உயர்த்திக்கொள்ளுங்கள். பள்ளத்தின் உட்பரப்பு அதன் வாயைப் போல 3 மடங்கு, உமிழ்திறன் 0.5 என்றால், வாயின் உமிழ்திறன் 1/(1 + 1/3) = 0.75. இதுவும் திரும்பி வரும் தடவைகளின் கணக்கேதான், உள்ளிருந்து பார்த்தது. துடுப்பு நுனிவரை ஒரே சூடாக இருந்தால் மட்டும் இது சரி.

தாள் சுற்றிய குழாயை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தால் 50 டிகிரிகூடக் காட்டவில்லை. கருவி பழுதா?

கருவி நல்லதுதான், அது பார்ப்பது குழாயை அல்ல. 0.1 உமிழ்திறனுள்ள பரப்பிலிருந்து வருவதில் குழாயின் பங்கு பத்தில் ஒன்று. மீதி ஒன்பது பங்கு 27 டிகிரி அறையின் எதிரொளிப்பு:

```
0.1 × 423⁴ + 0.9 × 300⁴ = 1.049 × 10¹⁰   →   320 K, அதாவது 47 °C
```

கருவி 8-14 மைக்ரோமீட்டரை மட்டும் பார்ப்பதாலும், அதில் முன்பே வைத்திருக்கும் உமிழ்திறன் வழக்கமாக 0.95 என்பதாலும் சில டிகிரி முன்பின் இருக்கும். எப்படியும் உண்மை 150. அந்த அளவீட்டை நம்பிக் கை வைத்தால் தோல் வெந்துவிடும்.

சரிபார்க்க எளிய வழி: குழாய்க்குப் பக்கத்தில் வேறொரு சூடான பொருளைக் கொண்டுபோங்கள், அல்லது நீங்களே எதிரே வந்து நில்லுங்கள். காட்டும் எண் அசைந்தால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது எதிரொளிப்பை.

சரியாக அளக்க, குழாயில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கலான, வெப்பம் தாங்கும் கறுப்பு பெயின்ட் அடியுங்கள். சாதாரண வினைல் மின்நாடாவும் 0.95-ஐ ஒட்டியதுதான், ஆனால் அது 80 டிகிரியைத் தாண்டினாலே தளர ஆரம்பிக்கும், 150-க்கு உதவாது. பெயின்ட் காய்ந்து, அந்த இடம் குழாயின் சூட்டுக்கு வந்ததும் கருவியை 0.95-இல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கருவியின் பார்வை வட்டம் முழுவதும் பெயின்ட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும். விளிம்பில் பளபளப்பு கலந்தால் எண் இறங்கிவிடும். பிறகு பக்கத்துத் தாளைப் பார்த்து, அதே வெப்பநிலை வரும்வரை கருவியின் உமிழ்திறனைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நிற்கும் எண்தான் அந்தத் தாளின் உமிழ்திறன், குறைந்தபட்சம் அந்தக் கருவி பார்க்கும் அலைநீளங்களில். 0.1-ஐ எட்டும் அளவுக்கு இறக்க உங்கள் கருவி அனுமதிக்காவிட்டால், தாளை அளக்கும் முயற்சியை விட்டுவிட்டுக் கறுப்புத் திட்டை மட்டும் நம்புங்கள்.